பேதி வந்தால் மைக்கோஃபினோலேட்டை நிறுத்தலாமா?

"கோத்தகிரியில் இருக்கிறோம். அப்பாவுக்குச் சிறுநீரகம் மாற்றி எட்டு மாதம். டாக்ரோலிமஸ், மைக்கோஃபினோலேட், பிரெட்னிசோலோன் எடுக்கிறார். ஒரு வாரமாகப் பேதி. மற்ற இரண்டும் இருக்கிறதே, மைக்கோஃபினோலேட்டை மட்டும் நிறுத்தலாமா?"

நீங்களாக நிறுத்த வேண்டாம். உடல் புதுச் சிறுநீரகத்தைத் தாக்கும் வழியை மூன்றும் வெவ்வேறு இடத்தில் அடைக்கின்றன. நோய் எதிர்ப்புச் செல்லான டி செல் புதுச் சிறுநீரகத்தை அந்நியமென்று கண்டதும், அதனுள் கால்சிநியூரின் என்ற நொதி, அந்தச் செல்லைப் பெருகச் சொல்லும் இன்டர்லூக்கின்-2 உற்பத்தியைத் தூண்டும். டாக்ரோலிமஸ் தடுப்பது இதை. அந்தத் தடுப்பு முழுமையல்ல. தப்பிய செல்கள் பெருக, டிஎன்ஏ-வின் மூலப்பொருளான பியூரின் வேண்டும். மற்ற செல்கள் பழையதை மறுபடி பயன்படுத்திச் சமாளிக்கும். டி, பி செல்கள் புதிதாகத் தயாரிப்பதையே பெரிதும் நம்பியிருக்கின்றன. மைக்கோஃபினோலேட் அந்தத் தயாரிப்பை முடக்குகிறது. இதை விட்டால் புதுச் சிறுநீரகத்துக்கு எதிரான எதிர்ப்பொருள் உருவாகவும் வழி திறக்கும். பிரெட்னிசோலோன் அழற்சியைப் பொதுவாகத் தணிப்பது. இந்த ஓட்டையை அடைக்காது.

பலர் கவனிக்காத சங்கதி ஒன்று: பேதியில் குடற்சுவர் டாக்ரோலிமஸைச் சிதைக்கும் திறன் குறைவதால், அதே மாத்திரையிலும் இரத்த அளவு ஏறலாம். அப்போது கிரியாட்டினின் உயர்ந்தால் காரணம் மருந்து நச்சா, நீரிழப்பா, நிராகரிப்பா என்று அந்த எண்ணை வைத்து மட்டும் சொல்ல முடியாது.

ஆகவே இன்றே சிறுநீரக மாற்று சிகிச்சைக் குழுவுக்குப் போன் செய்து, டாக்ரோலிமஸ் அளவும் கிரியாட்டினினும் மலப் பரிசோதனையும் கேளுங்கள். கிருமித்தொற்றாகவும் இருக்கலாம். டாக்ரோலிமஸ் அளவுக்கு இரத்தம் எடுப்பது முந்தைய இரவு டாக்ரோலிமஸ் மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து. கோவைக்கு விடியற்காலை பஸ் ஏறினால் காலை டாக்ரோலிமஸ் மாத்திரையைப் பையில் வையுங்கள். ஊசி குத்திய பிறகே விழுங்க வேண்டும். மைக்கோஃபினோலேட்தான் காரணமென்றால், மொத்த அளவை நான்கு வேளையாகப் பிரிப்பார்கள், அல்லது குடலில் கரையும் வகைக்கு மாற்றுவார்கள். சிறுநீர் குறைந்தாலோ காய்ச்சல் வந்தாலோ காத்திருக்காமல் கிளம்புங்கள்.