சுற்றறிக்கையில் எதை முதலில் சொல்வது?

கேள்வி: கோவையில் பம்ப்செட் தயாரிக்கும் கம்பெனியில் ஹெச்.ஆர். பிரிவில் இருக்கிறேன். பர்சேஸையும் ஸ்டோர்ஸையும் ஒரே பிரிவாக்கப் போகிறார்கள். பர்சேஸ் மேலாளர்தான் தலைமை. ஸ்டோர்ஸ் மேலாளருக்கு என்ன பொறுப்பு என்று இன்னும் முடிவாகவில்லை. எம்.டி. எழுதிய சுற்றறிக்கையைத் திருத்தித் தரச் சொல்லியிருக்கிறார். “மாறிவரும் சந்தைச் சூழலில் செயல்திறனை மேம்படுத்தும் பொருட்டு பர்சேஸ், ஸ்டோர்ஸ் பிரிவுகள் விரைவில் ஒருங்கிணைக்கப்பட உள்ளன. தற்போதைக்கு ஆட்குறைப்பு ஏதுமில்லை. வதந்திகளை நம்ப வேண்டாம்” என்று இருக்கிறது. கேன்டீனில் ஏற்கெனவே பேச்சு கிளம்பிவிட்டது. எப்படித் திருத்துவது?
– வாசகி, கோவை

பதில்: பேனாவை எடுக்கும் முன் எம்.டி.யிடம் ஒரு பத்து நிமிடம் கேளுங்கள். முடிவாகாத விஷயத்தை மொழியால் பூசி மெழுக முடியாது. நீங்கள் கேட்க வேண்டியவை மூன்றுதான். எந்தத் தேதி முதல்? யாருக்காவது வேலை போகுமா? ஸ்டோர்ஸ் மேலாளர் விஷயம் எப்போது முடிவாகும்?

வரைவிலேயே ஆபத்தானது ‘தற்போதைக்கு’. எழுதியவர் அதை எச்சரிக்கையாகப் போட்டிருப்பார். படிப்பவர் காதில் ‘தீபாவளிக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்றுதான் விழும். அதை எடுத்துவிட்டு ‘ஆட்குறைப்பே கிடையாது’ என்றும் போட்டுவிடாதீர்கள். அடுத்த வருடம் வேறு காரணத்துக்காக நான்கு பேர் போக நேர்ந்தால், அதற்குப் பிறகு வரும் எந்தச் சுற்றறிக்கையையும் யாரும் நம்பமாட்டார்கள். எம்.டி. உறுதி கொடுக்கிற அளவுக்கு மட்டும் எழுதுங்கள்: “இந்த இணைப்பால் யாருடைய வேலையும் போகாது.” அதற்கும் அவர் தயங்கினால், அந்த வரியே வேண்டாம். ஆனால் எத்தனை இடங்கள் பரிசீலனையில் இருக்கின்றன, எந்தத் தேதிக்குள் முடிவு சொல்வார்கள் என்பதையாவது அவரிடம் வாங்கி எழுதுங்கள்.

‘வதந்திகளை நம்ப வேண்டாம்’ என்பதையும் அடித்துவிடுங்கள். வதந்தியே காதில் விழாத ஃபவுண்டரிக்காரர்கூட அதைப் படித்துவிட்டு ‘என்ன வதந்தி?’ என்று பக்கத்து ஆளைக் கேட்பார்.

பேச்சு எல்லாம் ஸ்டோர்ஸ் மேலாளரைச் சுற்றித்தான் இருக்கும். இரண்டு மேலாளர்கள், ஒரு நாற்காலி. வரைவு அவரைப் பற்றி மூச்சே விடவில்லை. பிரிவு அமைப்பு வரைபடம் இணைப்பதாக இருந்தால், அதில் பெயரில்லாத ஒரு கட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். சுற்றறிக்கையை யாரும் முழுக்கப் படிக்கமாட்டார்கள், அந்தக் கட்டத்தை எல்லோரும் பார்ப்பார்கள். முடிவாகவில்லை என்றால் முடிவாகவில்லை என்றே, தேதியோடு சொல்லுங்கள்.

தேதிகளையும் காரணத்தையும் உங்களுக்கேற்ப மாற்றிக்கொண்டு இப்படி எழுதலாம்:

“ஆகஸ்ட் 1 முதல் பர்சேஸும் ஸ்டோர்ஸும் ஒரே பிரிவாக, பர்சேஸ் மேலாளரின் பொறுப்பில் இயங்கும். இரு பிரிவினரின் சம்பளம், கிரேடு, ஷிப்ட், பணியிடம் எதுவும் மாறாது. இந்த இணைப்பால் யாருடைய வேலையும் போகாது. ஸ்டோர்ஸில் இருப்பில் உள்ள பொருளையே பர்சேஸ் மறுபடி ஆர்டர் செய்வதைத் தவிர்க்கவே இந்த மாற்றம். ஸ்டோர்ஸ் மேலாளரின் புதிய பொறுப்பு ஜூலை 20-க்குள் அறிவிக்கப்படும். அதுவரை இன்டென்ட், லீவு கையெழுத்து எல்லாம் வழக்கம்போல் அவரிடமே.”

கடைசி வரியைக் கவனியுங்கள். திங்கட்கிழமை காலையில் லீவு லெட்டரை யாரிடம் நீட்டுவது என்று தெரிந்தாலே பாதிப் பதற்றம் அடங்கிவிடும்.

காரணம் ஏன் முதலில் இல்லை என்று எம்.டி. கேட்கலாம். 2014 ஜூலையில் மைக்ரோசாஃப்டின் உயரதிகாரி ஸ்டீபன் ஈலாப் ஊழியர்களுக்கு அனுப்பிய கடிதத்தை அவருக்குச் சொல்லுங்கள். ‘ஹலோ தேர்’ என்று சிநேகமாகத் தொடங்கி, பல பத்திகளுக்கு வியூகம் பேசிவிட்டு, அதன் பிறகுதான் 12,500 பேர் வேலையிழக்கக்கூடும் என்ற செய்தி வந்தது. செய்தியைவிட அதைப் புதைத்த விதம்தான் ஊர் முழுக்கக் கேலியானது.

‘ஷிப்ட் மாறாது’ என்பதை எம்.டி.யிடம் மட்டுமல்ல, புரொடக்‌ஷனிடமும் உறுதி செய்யுங்கள். தொழிலாளர்களின் சம்பளம், வேலை நேரம், ஷிப்ட் போன்றவற்றை அவர்களுக்குப் பாதகமாக மாற்றுவதென்றால் பொதுவாக 21 நாள் முன்னறிவிப்பு சட்டப்படி தேவை. அது தனி நோட்டீஸ். இந்தச் சுற்றறிக்கையில் நுழைத்துவிட முடியாது.

இரண்டு மேலாளர்களிடமும் எம்.டி. நேரில் பேசிய பிறகே இது வெளியே போகட்டும். அன்று காலையே சூப்பர்வைசர்களைக் கூப்பிட்டுப் படித்துக்காட்டுங்கள். கேள்விகள் முதலில் அவர்களிடம்தான் வரும். மின்னஞ்சலும் நோட்டீஸ் போர்டும் ஒரே நேரத்தில். வேர்ட் ஃபைலாக அனுப்பாதீர்கள். நீங்கள் அடித்த ‘தற்போதைக்கு’ திருத்தக் குறியோடு அதில் அப்படியே தெரியக்கூடும். திருத்தங்களையும் கமென்டுகளையும் நீக்கி பி.டி.எஃப். ஆக்குங்கள். சனிக்கிழமை மாலையில் மட்டும் வேண்டாம்: சந்தேகம் கேட்க ஆளில்லாமல் ஒரு ஞாயிறு முழுக்க வாட்ஸ்அப் குழுக்களிடம் விட்டதாகிவிடும்.