சம்பள முன்பணம் கேட்கும் கடிதம்: பிடித்தம் பற்றிய வரிகளில் கவனம்

கேள்வி: மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு ஜூன் மாதத்துக்குள் 50,000 வேண்டும். அலுவலகத்தில் முன்பணம் கேட்டு, மாதாமாதம் சம்பளத்தில் சமமாகப் பிடித்துக்கொள்ளச் சொல்லிக் கடிதம் எழுதப் போகிறேன். எனக்குக் கைக்கு வருவது 32,000. எத்தனை மாதம் கேட்கலாம், எப்படி எழுதலாம்?

பதில்: முதலில் மாதத் தவணையை முடிவு செய்யுங்கள். பிடித்தங்கள் போக உண்மையில் கைக்கு வரும் தொகையை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். உங்கள் வீட்டின் கட்டாயச் செலவு 25,000 என்று வைத்துக்கொள்வோம். மிஞ்சுவது 7,000. ஆறு மாதத்தில் அடைக்கிறேன் என்று எழுதினால் தவணை 8,333 ஆகிவிடும். முதல் மாதமே கையைக் கடிக்கும். எட்டு மாதம் என்றால் 6,250. அதிலும் திடீர்ச் செலவுக்கு 750தான் மிஞ்சும். பத்து மாதம் கேட்டால் தவணை 5,000, கையில் 2,000 நிற்கும். 50,000 மீதமின்றி வகுபடுவதால் கணக்குப் பிரிவுக்கும் சிக்கல் இல்லை. உங்களுக்கு நான் சொல்வது பத்து மாதம்தான். சீக்கிரம் அடைப்பதாகச் சொன்னால் உடனே கிடைக்கும் என்று நினைத்துப் பலர் தவணையை உயர்த்தி எழுதுகிறார்கள். மூன்றாம் மாதமே மறுபடி முன்பணம் கேட்க நேர்ந்தால் அடுத்த விண்ணப்பத்துக்கு மதிப்பு இருக்காது.

இன்னொரு சிக்கல் 'முன்பணம்' என்ற சொல்லிலேயே இருக்கிறது. பல அலுவலகங்களில் அது அந்த மாதச் சம்பளத்தில் ஒரு பகுதியை முன்கூட்டித் தருவதைக் குறிக்கும். மாதக் கடைசியில் முழுவதையும் கழித்துவிடுவார்கள். தவணை பற்றிக் கடிதத்தின் நடுவில் எங்கோ எழுதியிருந்தால் அது கண்ணில் படாமல் போகலாம். அதனால் தொகை, தவணை, மாதங்கள் மூன்றையும் பொருள் வரியிலேயே போட்டுவிடுங்கள். பிடித்தம் எந்த மாதச் சம்பளத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பதையும் பெயர் சொல்லி எழுதுங்கள். 'அடுத்த மாதம் முதல்' என்று எழுதினால், கடிதம் கொடுத்த மாதத்துக்கு அடுத்ததா, பணம் வந்த மாதத்துக்கு அடுத்ததா என்ற குழப்பம் வரும்.

காரணத்துக்கு ஒரு வாக்கியம் போதும். குடும்பக் கஷ்டத்தை விரித்து எழுதுவதைவிடக் கல்லூரிக் கட்டண அறிவிப்பின் நகலை இணைப்பது வலுவானது. ஒப்புதல் தருபவர் மனதில் இருக்கும் கேள்வி வேறு: 'இவர் நடுவில் வேலையை விட்டால் பாக்கி என்ன ஆகும்?' அதற்கான பதில் கடிதத்திலேயே இருக்கட்டும்.

மாதிரி இதோ:

பெறுநர்: மனிதவள மேலாளர்
வழி: துறைத் தலைவர்
பொருள்: சம்பள முன்பணம் 50,000 – மாதம் 5,000 வீதம் 10 சமத் தவணைகளில் பிடித்தம் செய்ய வேண்டுதல்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். என் மகளின் கல்லூரிக் கட்டணத்தை ஜூன் மாதத்துக்குள் செலுத்த வேண்டியுள்ளதால், 50,000 முன்பணமாக வழங்கக் கேட்டுக்கொள்கிறேன். கட்டண அறிவிப்பின் நகலை இணைத்துள்ளேன்.

இத்தொகையை ஜூலை மாதச் சம்பளம் முதல் அடுத்த ஏப்ரல் மாதச் சம்பளம் வரை, மாதம் 5,000 வீதம் பிடித்தம் செய்துகொள்ளச் சம்மதிக்கிறேன். சம்பளமில்லா விடுப்பால் ஏதேனும் ஒரு மாதம் பிடிக்க இயலாவிட்டால், அத்தவணையை ஏப்ரலுக்கு அடுத்த மாதத்தில் பிடித்துக்கொள்ளலாம். நான் பணியிலிருந்து விலக நேர்ந்தால், மீதத் தொகையை என் இறுதிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். அது போதாவிட்டால் எஞ்சியதை நானே செலுத்துவேன்.

இப்படிக்கு,
(பெயர், பணியாளர் எண், துறை, கையொப்பம், தேதி)

கொடுப்பதற்கு முன் இரண்டு விஷயங்களை மனிதவளப் பிரிவில் கேட்டுக்கொள்ளுங்கள். வட்டி உண்டா என்பது ஒன்று. வட்டி இருந்தால் 50,000ஐப் பத்தால் வகுத்த கணக்கு பொருந்தாது. அவர்கள் சொல்லும் தவணைத் தொகையை வாங்கி அதையே கடிதத்தில் எழுதுங்கள். மற்றது, முன்பணத்துக்கும் மாதப் பிடித்தத்துக்கும் உச்சவரம்பு உண்டா என்பது. சில நிறுவனங்கள் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் தருவதில்லை. அப்படியானால் உங்களுக்கு 30,000 கேட்டு, அதே 5,000 வீதம் ஆறு தவணையாக மாற்றி எழுதலாம். மீதியைக் கல்லூரியில் இரண்டாம் தவணையாகக் கட்ட முடியுமா என்று விசாரியுங்கள்.

மேலாளர் வாய்மொழியாகச் சரி என்றாலும், தொகையும் தவணையும் குறித்த ஒப்புதலை எழுத்தில் வாங்கி வையுங்கள். ஜூலைச் சம்பளச் சீட்டு வந்ததும் முன்பணப் பிடித்தம் என்ற வரியில் 5,000 மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். கடைசித் தவணைக்கு அடுத்த மாதச் சீட்டையும் பாருங்கள். அந்த வரி மறுபடி வந்திருந்தால், ஒப்புதல் நகலோடு அன்றே கணக்குப் பிரிவுக்குத் தெரிவித்துவிடுங்கள்.