அலுவலக உதவியாளர் வேலைக்கு விண்ணப்பக் கடிதம்: இணைப்புப் பட்டியலை எப்படி எழுதுவது?

கேள்வி: ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் அலுவலக உதவியாளர் வேலைக்குத் தபாலில் விண்ணப்பிக்கச் சொல்லியிருக்கிறார்கள். படிவத்தோடு முறைப்படி ஒரு கடிதமும் வைக்க வேண்டும் என்கிறார்கள். என்ன எழுதுவது, இணைப்புகளை எந்த வரிசையில் போடுவது?

ஒன்றிய அலுவலகம் ஒன்றில் பல ஆண்டுகள் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்படி வரும் விண்ணப்பங்களைப் பிரித்துப் பரிசீலனைப் பட்டியல் போடும் வேலையை நானே செய்திருக்கிறேன். அந்த மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தவன் என்ன பார்ப்பான் என்பதைச் சொல்கிறேன். அது தெரிந்தால் கடிதம் தானாக வந்துவிடும்.

உங்கள் உறை முதலில் தபால் பிரிவுக்குப் போகும். அங்கே தேதி முத்திரை குத்திப் பதிவேட்டில் ஏற்றி, உரிய எழுத்தருக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். ஒன்றிய அலுவலகத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர்கள் இரண்டு பேர். ஒருவர் வட்டார ஊராட்சி, இன்னொருவர் கிராம ஊராட்சி. ஒன்றியத்தின் ஆணையர் என்பவர் வட்டார ஊராட்சிக்கான அலுவலர்தான். வெறுமனே 'பி.டி.ஓ. அவர்கள்' என்று எழுதினால் உறை அடுத்த அறைக்குப் போய் இரண்டு நாள் கிடந்துவிட்டு வரும். கடைசித் தேதியை ஒட்டி அனுப்புகிறவருக்கு அந்த இரண்டு நாள் பெரிய விஷயம். அறிவிக்கையில் பெறுநர் எப்படி அச்சிடப்பட்டிருக்கிறதோ அதை எழுத்து மாறாமல் எழுதுங்கள். உறையின் மேல் பதவியின் பெயரையும் எழுதுங்கள்.

பிறகு எழுத்தர் ஒரு நீளத் தாளில் கட்டம் போடுவார். பெயர், பிறந்த தேதி, வயது, இனம், கல்வி, முன்னுரிமை, தகுதி உண்டா இல்லையா, இல்லையென்றால் காரணம். படிவத்தைப் பார்த்துக் கட்டத்தை நிரப்புவார், இணைப்பைப் பார்த்து டிக் அடிப்பார். கடிதத்தில் நீங்கள் சொல்லும் ஒவ்வொரு தகுதிக்கும் ஒரு தாள் இருக்க வேண்டும், அந்தத் தாள் அதே தகுதியைத்தான் சொல்ல வேண்டும். இணைப்புப் பட்டியலின் வேலை இவ்வளவுதான். கையிலிருக்கும் சான்றிதழ்களை எல்லாம் அடுக்கிக் காட்டும் இடம் அதுவல்ல.

இதை ஒரு உதாரணத்தோடு சொன்னால் புரியும். எங்கள் தெருவில் ஒரு தங்கை, மிகப் பிற்படுத்தப்பட்ட வகுப்பு, கணவர் இறந்து சில வருடங்கள் ஆகின்றன, மறுமணம் இல்லை. ஒன்பதாம் வகுப்பு பாதியில் நின்றவர். பிறந்த தேதி 12.05.1989. அறிவிக்கையில் 01.07.2024 அன்று உள்ள வயதைக் கேட்டிருந்தார்கள். கணக்குப் போட்டால் 35 ஆண்டு, 1 மாதம், 19 நாள். அறிவிக்கையின்படி அவர் வகுப்புக்கு உச்ச வயது 34. அதாவது அந்தப் பிரிவில் வயது தாண்டிவிட்டார். ஆனால் ஆதரவற்ற விதவைக்கு உச்ச வயது 37. ஆகவே அவருடைய விண்ணப்பம் பிழைப்பதும் போவதும் ஒரே ஒரு தாளில் இருந்தது.

அவர் என்னிடம் கொண்டுவந்த கட்டில் கணவரின் இறப்புச் சான்று இருந்தது, வாரிசுச் சான்று இருந்தது, விதவை ஓய்வூதியப் புத்தக நகல்கூட இருந்தது. ஆதரவற்ற விதவைச் சான்று மட்டும் இல்லை. அவர் சொன்னது நியாயம்தான்: "அண்ணா, இதையெல்லாம் பார்த்தாலே தெரியாதா?" தெரியும்தான். ஆனால் இறப்புச் சான்று கணவர் இறந்ததைச் சொல்கிறது. வாரிசுச் சான்று வாரிசு யார் என்பதைச் சொல்கிறது. ஆதரவற்றவர் என்பதை வருவாய்க் கோட்டாட்சியரோ சார் ஆட்சியரோ தரும் சான்றுதான் சொல்லும். எழுத்தருக்கு அனுதாபம் இருந்தாலும், அந்தத் தாள் இல்லாமல் 37 என்ற கட்டத்தில் அவரால் டிக் போட முடியாது. தணிக்கையில் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். கடைசித் தேதிக்கு நாள் இருந்ததால் அவரை முதலில் இ-சேவை மையத்துக்கு அனுப்பினேன், கடிதத்தை அப்புறம் எழுதினோம்.

சாதிச் சான்றில் இன்னொரு சிக்கல். ஆதாரில் அவர் பெயருக்குப் பக்கத்தில் கணவர் பெயர். பள்ளிச் சான்றில் அப்பாவின் முதலெழுத்து. திருமணமான பெண்கள் பலர் கணவர் பெயரில் சாதிச் சான்று வாங்கி வைத்திருப்பார்கள், அது செல்லாது. சாதி பிறப்பால் வருவதாகக் கொள்ளப்படுவதால் தகப்பனார் பெயரில்தான் சான்று இருக்க வேண்டும். நல்லவேளை, இவருடையது அப்படித்தான் இருந்தது. கடிதத்தில் த/பெ, க/பெ இரண்டையும் எழுதச் சொன்னேன். இரண்டு விதமான முதலெழுத்தும் ஒரே ஆளுடையதுதான் என்று எழுத்தருக்கு அங்கேயே விளங்கிவிடும்.

கடிதம் இப்படி அமைந்தது. பெயர்களை மட்டும் எடுத்துவிட்டுத் தருகிறேன்.

அனுப்புநர்
(பெயர்), த/பெ. (தந்தை பெயர்), க/பெ. (லேட்) (கணவர் பெயர்),
(கதவு எண், தெரு, ஊர், வட்டம், மாவட்டம், அஞ்சல் குறியீட்டு எண், கைபேசி எண்)

பெறுநர்
ஆணையர் / வட்டார வளர்ச்சி அலுவலர் (வட்டார ஊராட்சி),
ஊராட்சி ஒன்றிய அலுவலகம், (ஊர்)

ஐயா / அம்மையீர்,

பொருள்: பணியமைப்பு – ஊராட்சி ஒன்றியம் – அலுவலக உதவியாளர் பணியிடம் – விண்ணப்பம் சமர்ப்பித்தல் – தொடர்பாக.

பார்வை: ஆணையர் அவர்களின் அறிவிக்கை, ந.க.எண். (எண்)/2024, நாள் (தேதி).

பார்வையில் காணும் அறிவிக்கையின்படி, அலுவலக உதவியாளர் பணியிடத்திற்கு உரிய படிவத்தில் விண்ணப்பம் சமர்ப்பிக்கிறேன். எனது பிறந்த தேதி 12.05.1989. 01.07.2024 அன்று வயது 35 ஆண்டு 1 மாதம் 19 நாள் (இணைப்பு 2). எட்டாம் வகுப்பு தேர்ச்சி பெற்றுள்ளேன் (இணைப்பு 2). மிகப் பிற்படுத்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவள் (இணைப்பு 3). ஆதரவற்ற விதவை என்பதால் அதற்குரிய வயது வரம்பையும் முன்னுரிமையையும் கோருகிறேன் (இணைப்பு 4). எனது விண்ணப்பத்தை ஏற்றுப் பரிசீலிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
(கையொப்பம்)
இடம்: 
நாள்:

இணைப்பு:
1. நிறைவு செய்யப்பட்ட விண்ணப்பப் படிவம், புகைப்படத்துடன்
2. பள்ளி மாற்றுச் சான்றிதழ் நகல்
3. சாதிச் சான்றிதழ் நகல் (எண், நாள்)
4. ஆதரவற்ற விதவைச் சான்றிதழ் நகல் (எண், நாள்)
5. ஆதார் அட்டை நகல்
6. குடும்ப அட்டை நகல்
7. அஞ்சல் வில்லை ஒட்டிய சுயமுகவரியிட்ட உறை – 1

இவ்வளவுதான் கடிதம். குடும்பக் கஷ்டத்தை ஒரு பத்தி எழுத அவருக்கு ஆசை இருந்தது. வேண்டாம் என்றேன். கஷ்டம் உண்மை, ஆனால் அதைச் சட்டப்படி சொல்லும் தாள் இணைப்பு 4 ஆக ஏற்கெனவே இருக்கிறது. பத்தியை நிரப்பினால் பிறந்த தேதியும் இனமும் அதற்குள் புதைந்துபோகும்.

பொருள் வரியில் உள்ள கோடுகள் அழகுக்கு இல்லை. அலுவலகக் கோப்புகளில் பொருளைப் பெரியதிலிருந்து சிறியதுக்கு அப்படித்தான் உடைத்து எழுதுவோம். முதல் சொல்லைப் பார்த்ததுமே எந்தப் பிரிவு என்று தெரிந்துவிடும். அதைவிட முக்கியம் பார்வை. ந.க. என்றால் நடப்புக் கணக்கு. அந்த எண்ணில்தான் இந்த நியமனக் கோப்பு ஓடிக்கொண்டிருக்கும். எண் சரியாக இருந்தால் உங்கள் தாள் நேராக அந்தக் கோப்பில் போய்ச் சேரும். ஒரே நேரத்தில் ஓட்டுநர், இரவுக் காவலர் பணிகளுக்கும் அறிவிக்கை வந்திருந்தால் எண்ணை ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள்.

இணைப்பு 2 இரண்டு இடத்தில் வருவதைக் கவனியுங்கள். ஒரே தாள் இரண்டு தகுதியைச் சொன்னால் ஒரே எண்ணை இரண்டு முறை காட்டலாம், தவறில்லை. ஆனால் மாற்றுச் சான்றிதழை நன்றாகப் படித்துவிட்டுச் செய்யுங்கள். பள்ளியை விட்டபோது படித்த வகுப்பு என்று ஒரு இடம் இருக்கும், மேல் வகுப்புக்குத் தகுதி பெற்றாரா என்று இன்னொரு இடம் இருக்கும். இந்தத் தங்கைக்கு 'ஒன்பதாம் வகுப்பு' என்று இருந்ததால் எட்டு தேறியது தெளிவு. எட்டோடு நின்றவருக்கு அந்த இரண்டாவது இடம் காலியாகவோ கோடு போட்டோ இருந்தால், எட்டு படித்தார் என்றுதான் ஆகும், தேறினார் என்று ஆகாது. பள்ளித் தலைமை ஆசிரியரிடம் போய், தேர்ச்சியைக் குறிப்பிட்டு ஒரு சான்று வாங்கி அதைத் தனி இணைப்பாகச் சேர்க்க வேண்டும்.

நகல் எடுக்கும்போது இ-சேவைச் சான்றின் எண்ணும் கியூஆர் கட்டமும் வெட்டுப்படாமல் பாருங்கள். சந்தேகம் வந்தால் எழுத்தர் அவற்றை வைத்துத்தான் இணையத்தில் சரிபார்ப்பார். ஒவ்வொரு நகலின் வலது மேல் மூலையில் 'இணைப்பு 3' என்பதுபோல் பேனாவால் எழுதிவிடுங்கள். சுயசான்றொப்பம் கேட்டிருந்தால் 'உண்மை நகல்' என்று எழுதி, முத்திரையை மறைக்காத இடத்தில் கையெழுத்தும் தேதியும் போடுங்கள். அரசு அலுவலரின் சான்றொப்பம் என்று அறிவிக்கையில் இருந்தால் உங்கள் கையெழுத்து போதாது. அசல் எதையும் உறையில் வைக்காதீர்கள். நான் பார்த்த வேதனையான காட்சிகளில் ஒன்று, அசல் மாற்றுச் சான்றிதழை அனுப்பிவிட்டுத் திரும்பக் கேட்டு மாதக் கணக்கில் அலைந்தவர்கள்தான்.

மேலே உள்ள பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் அறிவிக்கை வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு அட்டையைக் கேட்டிருக்கலாம், இருப்பிடச் சான்றைக் கேட்டிருக்கலாம். இனசுழற்சியில் அந்த இடம் யாருக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். உங்களுக்குரிய பிரிவு இல்லையென்றால் எவ்வளவு நன்றாக எழுதினாலும் பலன் இல்லை, அஞ்சல் செலவுதான் மிச்சம்.

அனுப்பும் விஷயம். 'கடைசி நாள் மாலை 5.45 மணிக்குள்' என்று இருந்தால், அதற்குள் அலுவலகத்தில் போய்ச் சேர வேண்டும் என்று பொருள். அன்று தபாலில் போட்டேன் என்பது உதவாது. 2025இல் பதிவு அஞ்சலை விரைவு அஞ்சலோடு இணைத்துவிட்டார்கள். ஆகவே 'பதிவு அஞ்சலில்' என்று அறிவிக்கையில் இருந்தால், அஞ்சலகத்தில் விரைவு அஞ்சலில் பதிவுச் சேவையும் சேர்த்துக் கேளுங்கள். நேரில் கொடுக்க அனுமதி இருந்தால் நான் அதையே சொல்வேன். கடிதத்துக்கு இன்னொரு நகல் எடுத்துப்போய், அதில் தேதி முத்திரை வாங்கி வாருங்கள்.

அந்த முத்திரை நகலைப் பத்திரமாக வைத்திருங்கள். நேர்காணலுக்கு அழைத்தால் அசல்களை அதிலுள்ள இணைப்பு எண் வரிசையிலேயே அடுக்கிக்கொண்டு போங்கள், சரிபார்ப்பவர் மேசையில் இருக்கும் கட்டும் அதே வரிசையில்தான் இருக்கும்.