பழைய பாலிசிக்கு ரீஃபண்ட் உண்டு, முதலில் ஃபீஸ் கட்டச் சொல்கிறார்களே?

கேள்வி: தக்கலையில் இருக்கும் அப்பாவுக்கு போன். "உங்க பாலிசியை ஏமாத்தி வித்திருக்காங்க, 1,80,000 ரூபாய் ரீஃபண்ட் இருக்கு, 8,500 ப்ராசஸிங் ஃபீஸ் கட்டுங்க" என்கிறார்கள். நம்பலாமா?

பதில்: வேண்டாம். இது ரீஃபண்ட் மோசடி. டெபாசிட் என்று சொல்லி பாலிசியைத் தலையில் கட்டுவது நிஜமாகவே நடக்கிறது. இரண்டு பிரீமியம் கட்டிவிட்டு விட்டுப்போனவருக்கு அந்த ஆதங்கம் மனதில் இருக்கும். அவர்கள் பிடிப்பது அதைத்தான்.

மார்த்தாண்டத்தில் ரப்பர் ஷீட் போட்டால் வியாபாரி கழிவைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார். கழிவை முன்கூட்டிக் கேட்பாரா? காப்பீட்டு நிறுவனமும் பிடித்தம், வரி இருந்தால் தர வேண்டிய தொகையிலேயே கழித்து, மீதியை பாலிசிதாரரின் வங்கிக் கணக்கில் போடும். இவர்களோ யாரோ தனிநபர் கணக்குக்கு அனுப்பச் சொல்வார்கள். 8,500 போனதும் ஜிஎஸ்டி, அப்புறம் டிடிஎஸ் என்று அடுத்தடுத்து கேட்பார்கள்.

உண்மையிலேயே தவறாக விற்றிருந்தால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். தீராவிட்டால் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது. பணம் போய்விட்டதா? உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

"பாலிசி நம்பரைச் சரியாகச் சொன்னாரே" என்பார்கள் பலர். அந்த விவரங்கள் கசிந்து கைமாறுகின்றன; நம்பர் தெரிந்தவரெல்லாம் நிறுவனத்து ஆள் இல்லை.