அப்பாவின் சம்பளப் பாக்கியும் பென்ஷனும்: கடிதத்தில் பிரித்துக் கேளுங்கள்

கேள்வி: டர்பனில் தனியார் ஆலையில் வேலை பார்த்த அப்பா காலமாகிவிட்டார். பாக்கிப் பணமும் பென்ஷனும் கேட்டுச் சம்பளப் பிரிவுக்கு எப்படி எழுதுவது?

இறுதி நிலுவை என்பது அவர் உழைத்து முடித்தும் கைக்கு வராத சம்பளமும் எடுக்காத விடுப்புக்கான பணமும் ஆகும். அது அவருடைய சொத்தில் சேர்வதால், இறந்தவர்களின் சொத்து விவகாரங்களைக் கவனிக்கும் தென்னாப்பிரிக்க உயர் நீதிமன்றத்தின் மாஸ்டர் அலுவலகம் நியமித்தவரிடம்தான் கொடுக்கப்படும். சொத்து 2,50,000 ராண்டுக்கு உட்பட்டிருந்தால் அங்கு பெறும் அதிகாரக் கடிதமே பெரும்பாலும் போதும். பென்ஷன் நிதியின் இறப்புத் தொகையோ 1956ஆம் ஆண்டுப் பென்ஷன் நிதிச் சட்டத்தின் 37சி பிரிவின்படி பொதுவாகச் சொத்தில் சேராது. அவரை நம்பியிருந்தவர்கள் யாரென விசாரித்து நிதியின் அறங்காவலர்களே பங்கிடுவார்கள். முன்னது அப்பாவின் பெட்டியில் இருந்த பணம், பின்னது கோயில் அறங்காவலரிடம் ஒப்படைத்த பணம் போன்றது.

ஆகவே, “18ஆம் தேதி வரையிலான சம்பளத்தையும் 11 நாள் விடுப்புப் பணத்தையும் கணக்கிட்டுத் தருக” என்று ஒரு பத்தியும், “நிதியின் பெயர், உறுப்பினர் எண், கோரிக்கைப் படிவம் தருக” என்று மற்றொரு பத்தியும் எழுதி, ஊழியர் எண்ணுடன் இறப்புச் சான்றிதழின் நகலை இணையுங்கள். கலந்து எழுதினால் கடிதம் மேசைக்கு மேசை அலையும்.

தன் இறப்புக்குப் பின் பணம் யாருக்கு என்று உறுப்பினர் பென்ஷன் நிதிக்கு எழுதித் தரும் நியமனப் படிவத்தில் பெயருள்ளவருக்கே முழுத் தொகையும் சேரும் என்று பலர் நம்புகிறார்கள். நம்பியிருந்தவர்கள் இருக்கும்போது அந்தப் படிவம் அறங்காவலர்களைக் கட்டுப்படுத்தாது.