டிசர்டேஷன் பெரிதா, தீசிஸ் பெரிதா? பெயரைப் பார்த்துப் படிப்பை எடை போடாதீர்கள்

அன்புள்ள அம்மா,

உங்கள் மகளுக்கு முதுகலை படிக்க இரண்டு நாடுகளில் இடம் கிடைத்திருக்கிறது. பிரிட்டனில் ஓராண்டுப் படிப்பு. அதன் பாடத்திட்டத்தில் 'டிசர்டேஷன்' என்ற ஆய்வேடு இருக்கிறது. அமெரிக்காவில் ஈராண்டுப் படிப்பு. அதில் 'தீசிஸ்' என்ற ஆய்வேடு இருக்கிறது. டிசர்டேஷன் என்றால் பிஎச்.டி. அளவு வேலை என்று உறவினர் ஒருவர் சொன்னதாகவும், அப்படியானால் பிரிட்டன் படிப்புதான் உயர்ந்ததா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

உறவினர் சொன்னது அமெரிக்காவுக்குச் சரி. அங்கே முதுகலை மாணவர் எழுதுவது தீசிஸ், முனைவர் பட்டத்துக்கு எழுதுவது டிசர்டேஷன். பிரிட்டனில் இது அப்படியே தலைகீழ்: இளங்கலையிலும் முதுகலையிலும் டிசர்டேஷன், பிஎச்.டி.க்குத்தான் தீசிஸ். இந்தியாவிலும் பிரிட்டிஷ் வழக்கமே அதிகம், எம்.ஃபில். இருந்த காலத்தில் அதற்கு டிசர்டேஷன், பிஎச்.டி.க்கு தீசிஸ் என்றுதான் சொல்லி வந்தார்கள். இதிலும் விலக்குகள் உண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் முனைவர் பட்ட ஆய்வேட்டையும் தீசிஸ் என்றே சொல்கிறார்கள். பிரின்ஸ்டனில் இளங்கலை இறுதியாண்டு மாணவர் எழுதுவதும் தீசிஸ்தான். ஆகவே பெயரை வைத்து நிலையைக் கண்டுபிடிக்க முடியாது. எந்தப் பட்டத்துக்காக எழுதுகிறார், அதில் அவரிடம் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று பார்த்தால்தான் தெரியும்.

எதிர்பார்ப்பு எப்படி மாறுகிறது என்பதற்கு ஒரே தலைப்பை எடுத்துக்கொள்வோம். உங்கள் மகளின் துறை சுற்றுச்சூழல் அறிவியல் என்பதால், கிணற்று நீரில் கலக்கும் நைட்ரேட்.

இளங்கலை மாணவர் ஏற்கெனவே வெளியான அளவீடுகளைத் திரட்டுவார். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 50 மில்லிகிராம் நைட்ரேட். எத்தனை கிணறுகள் அதைத் தாண்டுகின்றன என்று பார்த்து, காரணங்களை நூல்களின் துணையோடு விளக்குவார். பிறர் செய்த ஆய்வைப் படித்துப் புரிந்து, ஒழுங்காக எழுதத் தெரிகிறதா என்பதே அங்கே சோதனை.

முதுகலை மாணவர் களத்துக்குப் போவார். முப்பது கிணறுகளில் ஒரு பருவத்தில் நீர் எடுத்து, எல்லோரும் ஒப்புக்கொண்ட முறையில் சோதித்து, வயலுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது, கிணறு எவ்வளவு ஆழம் என்பவற்றோடு அளவை ஒப்பிடுவார். முறை புதிதாக இருக்கத் தேவையில்லை. பிரிட்டனின் பட்டத் தரச் சட்டகம் முதுகலையிடம் கேட்பதும், இருக்கும் அறிவைப் பயன்படுத்துவதில் சுயசிந்தனை வேண்டும் என்பதைத்தான்.

பிஎச்.டி. மாணவரின் கேள்வியே வேறு. இந்த நைட்ரேட் உரத்திலிருந்து வந்ததா, சாக்கடையிலிருந்து வந்ததா, மாட்டு எருவிலிருந்து வந்ததா? நைட்ரஜன், ஆக்சிஜன் ஐசோடோப்புகளை, அதாவது அவற்றின் எடை வேறுபடும் அணு வகைகளை, அளந்தால் செயற்கை உரத்தைப் பெரும்பாலும் பிரித்துவிடலாம். ஆனால் எருவும் சாக்கடையும் கிட்டத்தட்ட ஒரே அளவைக் காட்டும். அந்தச் சிக்கலை போரான் ஐசோடோப்பையும் சேர்த்து ஒரு குறிப்பிட்ட நிலப்பகுதியில் எப்படித் தீர்ப்பது என்று பல பருவங்கள் அளந்து காட்டினால், அதுவரை யாருக்கும் தெரியாத ஒன்று அறிவோடு சேர்கிறது. முனைவர் பட்டத்துக்கு அது இருந்தே ஆக வேண்டும். அதைத் தீசிஸ் என்று அச்சடித்தாலும் டிசர்டேஷன் என்று அச்சடித்தாலும் எதிர்பார்ப்பு குறையாது.

இனி உங்கள் மகள் முன்னால் இருக்கும் இரண்டு படிப்புகள். இரண்டிலும் அவர் செய்யப் போவது மேலே சொன்ன முதுகலை நிலை வேலைதான். ஆனால் செய்யும் விதத்தில் நிறைய வேறுபாடு இருக்கிறது, தேர்வு செய்யும்போது பார்க்க வேண்டியதும் அதுதான்.

பிரிட்டனில் பாடவழி முதுகலை 180 கிரெடிட். அதில் டிசர்டேஷனுக்குப் பெரும்பாலும் 60, அதாவது மூன்றில் ஒரு பங்கு. வகுப்புகளும் தேர்வுகளும் முடிந்த பிறகு, கோடைக்காலத்தில் மூன்று மாதம் போல முழுநேரமாக உட்கார்ந்து, பொதுவாகப் பத்தாயிரம் முதல் இருபதாயிரம் சொற்களுக்குள் எழுதி முடிக்க வேண்டும். வழிகாட்டியைச் சந்திக்க எண்ணி வைத்த நேரம்தான் கிடைக்கும். துறை ஆசிரியர்களே மதிப்பெண் போடுவார்கள்; வாய்மொழித் தேர்வு வழக்கமாக இருக்காது. ஆய்வேடு தேறாமல் போனாலும் மீதி 120 கிரெடிட்டுக்கு முதுநிலை டிப்ளமோ தரும் ஏற்பாடு பல இடங்களில் உண்டு, ஆனால் முதுகலைப் பட்டம் கிடைக்காது.

இதில் மாணவர்கள் சிக்கும் இடம் காலம்தான். மனிதர்களிடம் பேட்டி எடுக்கும் ஆய்வாக இருந்தால் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் ஆகலாம். ஜூனில் தலைப்பைத் தேடத் தொடங்கும் பிள்ளைக்கு ஆகஸ்ட் இறுதியில் கையில் தரவே இருக்காது. பிப்ரவரி, மார்ச்சிலேயே தலைப்பும் வழிகாட்டியும் முடிவாகிவிட வேண்டும்.

அமெரிக்காவில் முதுகலை பெரும்பாலும் 30 கிரெடிட்டை ஒட்டி வரும். தீசிஸுக்கு 6 போல இருக்கும். எண்ணிக்கையைப் பார்த்து அதைச் சிறிய வேலை என்று நினைத்துவிடக் கூடாது. வழிகாட்டியோடு சேர்த்து வழக்கமாக மூன்று பேர் கொண்ட குழு அமைத்து, ஆய்வுத் திட்டத்துக்கு ஒப்புதல் வாங்கி, ஓராண்டு போல வேலை செய்து, கடைசியில் குழுவின் முன் நின்று பதில் சொல்ல வேண்டும். அங்கே வரும் சிக்கல் வேறு வகை. ஒரு பேராசிரியர் ஏற்றுக்கொண்டால்தான் தீசிஸ் எழுத முடியும். அவர் நீண்ட விடுப்பில் போனாலோ, ஆய்வுக்கூட வேலை இழுத்தாலோ, பட்டம் ஒரு பருவம் தள்ளிப்போகும், அந்தப் பருவத்துக்கும் கட்டணம் கட்ட வேண்டி வரலாம்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும். பல அமெரிக்கத் துறைகளில் தீசிஸ் எழுதாமலே முதுகலை முடிக்கும் வழி உண்டு. கூடுதல் பாடங்களோ, ஒரு திட்டப்பணியோ, விரிவான தேர்வோ அதற்குப் பதிலாக இருக்கும். உங்கள் மகளின் சேர்க்கைக் கடிதம் இந்த இரண்டில் எதற்கு என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். படித்து முடித்து நேரே வேலைக்குப் போகும் எண்ணமென்றால் தீசிஸ் இல்லாத வழியில் குறை ஒன்றும் இல்லை. பிஎச்.டி. மனத்தில் இருந்தால் ஆய்வேடு எழுதும் வழியைத்தான் நான் சொல்வேன். ஏனென்றால் பிறகு பரிந்துரைக் கடிதம் எழுதப் போகிறவர் அந்த வழிகாட்டி. பிள்ளை ஆய்வில் எப்படி யோசிக்கிறாள் என்று அவரால்தான் எழுத முடியும். அவள் பிஎச்.டி.யைப் பற்றிப் பேசுவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அதனால் அமெரிக்கப் படிப்பில் தீசிஸ் வழியும் ஏற்றுக்கொள்ளும் பேராசிரியரும் உறுதியானால், செலவு தாங்கும் பட்சத்தில், அதற்கே என் ஓட்டு. உறுதியாகவில்லை என்றால் பிரிட்டன். அங்கே ஆய்வேடு படிப்பிலேயே கட்டாயமாக இருக்கிறது.

பிரிட்டனுக்குப் போய்விட்டு பின்னர் அமெரிக்காவில் பிஎச்.டி.க்கு விண்ணப்பித்தால், தன்விவரக் குறிப்பில் 'டிசர்டேஷன் முடித்தேன்' என்று மட்டும் எழுதக் கூடாது. அமெரிக்கர் ஒருவர் அதை முனைவர் பட்டம் என்று ஒரு கணம் எடுத்துக்கொண்டு, பிறகு இல்லை என்று தெரிந்ததும் நெற்றியைச் சுருக்குவார். அதற்காக மதிப்பெண் பட்டியலில் இருக்கும் பெயரை மாற்றவும் வேண்டாம். 'முதுகலை டிசர்டேஷன், 180 கிரெடிட்டில் 60, பதினைந்தாயிரம் சொற்கள், முப்பது கிணறுகளில் நேரடி மாதிரிச் சேகரிப்பு' என்று எழுதினால், படிக்கிறவர் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் வேலையின் அளவு புரிந்துவிடும்.