அழுத்தம் ஏறவே இல்லை, குழாய் ஏன் வெடித்தது? க்ரீப் பற்றிச் சில கேள்விகள்

எங்கள் பாய்லரில் நீராவியை மேலும் சூடேற்றும் சூப்பர்ஹீட்டர் குழாய் ஒன்று பத்தாண்டுக்கு மேல் ஓடிய பின் வெடித்தது. அழுத்தம் ஒரு நாளும் வரம்பைத் தாண்டியதில்லை. எப்படி?

தாண்டியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. அறை வெப்பத்தில் எஃகு ஒரு சுமையை ஒரு நாள் தாங்கினால், துருவோ அதிர்வோ கெடுக்காத வரை நூறாண்டும் தாங்கும். இத்தகைய குழாய் ஓடும் 540 டிகிரி செல்சியஸில் அந்தக் கணக்கு செல்லாது. சுமை மாறாமல் இருந்தாலும் உலோகம் மெல்ல மெல்ல நீண்டுகொண்டே போகும். இதுதான் க்ரீப். உருகுநிலையை கெல்வினில் எடுத்து, அதில் சுமார் 0.4 பங்கைத் தாண்டினால் இது கவலைப்பட வேண்டிய அளவுக்கு வந்துவிடும். ஈயம் உருகுவது 600 கெல்வினில். நம் அறையே 300 கெல்வின். பழைய ஈயக் குழாய்கள் தம் எடையிலேயே தொய்வது அதனால்தான்.

க்ரீப்புக்கு மூன்று கட்டம் என்கிறார்களே, நடுக்கட்டத்தில் வேகம் உண்மையிலேயே மாறாமல் இருக்குமா?

முதல் கட்டத்தில் நீளும் வேகம் குறைந்துகொண்டே வரும். உருமாறும்போதே உலோகம் இறுகுகிறது. அதே நேரம் வெப்பம் அந்த இறுக்கத்தைத் தளர்த்தவும் செய்கிறது. இறுகுவதும் தளர்வதும் சமமாகும் இடம் இரண்டாம் கட்டம். மூன்றாவதில் படிக மணிகளின் எல்லைகளில் நுண்குழிகள் தோன்றி, ஒன்றோடொன்று சேர்ந்து விரிசலாகின்றன. வேகம் ஏறி, கடைசியில் முறிவு.

பாடப்புத்தக வரைபடத்தில் நடுவில் நீளமாக ஒரு நேர்கோடு இருக்கும். ஆனால் பல பொறியியல் எஃகுகளில் அது கோடே அல்ல, வேகம் மிகக் குறைவாக இருக்கும் ஒரு புள்ளிதான். 9 சதவீதக் குரோமிய எஃகுகளில் ஆயுளின் பெரும்பகுதி மூன்றாம் கட்டத்திலேயே கழிகிறது. ஆகவே "மூன்றாம் கட்டம் வந்துவிட்டது, நாளைக்கே வெடிக்கும்" என்று பதற வேண்டாம்.

1,000 மணி நேரச் சோதனையை வைத்து ஆறாண்டு ஆயுளைச் சொல்கிறார்கள். நம்பலாமா?

இதற்குக் கொஞ்சம் கணக்கு வேண்டும். லார்சனும் மில்லரும் 1952-இல் தந்த அளவுரு இது:

```
P = T (C + log t)
```

T கெல்வினில், t மணியில், log பத்தின் அடிமானத்தில். C என்ற மாறிலிக்கு வழக்கமாக 20 போடுவார்கள். ஒரே தகைவில், அதாவது ஓர் அலகு பரப்பு தாங்கும் விசை ஒன்றாக இருக்கும்போது, ஒரே உலோகத்துக்கு P மாறாது என்பதுதான் அடிப்படை. வெப்பத்தைக் கூட்டி நேரத்தைச் சுருக்குகிறோம், அவ்வளவுதான்.

600 டிகிரியில், அதாவது 873 கெல்வினில், ஒரு மாதிரி 1,000 மணியில் முறிந்தது என்று வைத்துக்கொள்வோம். P = 873 × 23 = 20,079. அதே தகைவில் குழாய் 540 டிகிரியில், 813 கெல்வினில், ஓடுகிறது. 20,079-ஐ 813-ஆல் வகுத்தால் 24.7; அதில் 20 போக 4.7. ஆயுள் சுமார் 50,000 மணி, ஆறாண்டுக்குக் கொஞ்சம் குறைவு.

இப்போது குழாய் வெறும் 10 டிகிரி கூடுதலாக, 550-இல் ஓடட்டும். ஆயுள் சுமார் 25,000 மணி. சரிபாதி! முதல் கேள்வியின் மர்மமும் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும். குழாயின் உட்புறம் படியும் ஆக்சைடு வெப்பம் கடத்துவதைத் தடுக்க, நீராவி வெப்பம் மாறாமலே உலோகம் சூடாகிவிடும். சோதனை உலையும் துல்லியமாக இருக்க வேண்டும். தெர்மோகப்பிள் 600 என்று காட்டும்போது உண்மை 603 ஆக இருந்தால், நம் விடை அசலில் 20 சதவீதம் தவறு.

செல்சியஸை அப்படியே போட்டுவிட்டு எழுதுபவர்கள் வருடத்துக்கு ஒருவராவது உண்டு. தயவுசெய்து 273-ஐக் கூட்டுங்கள்.

C எப்போதும் 20 தானா?

இல்லை. மேலே உள்ள கணக்கிலேயே 30 போட்டுப் பாருங்கள்: 50,000 மணி என்பது 2,70,000 ஆகிவிடும். கிரேடு 91 போன்ற 9 சதவீதக் குரோமிய எஃகுகளுக்குக் குறுகிய காலத் தரவு 30-ஐ ஒட்டிய மதிப்பையே தருகிறது. ஆனால் நீண்ட காலத்தில் அந்த எஃகின் நுண்கட்டமைப்பு கலைந்துபோவதால் வலிமை எதிர்பார்த்ததைவிட வேகமாகச் சரியும். குறுகிய காலக் கோட்டை அப்படியே நீட்டினால் இல்லாத ஆயுளைச் சொல்லிவிடுவோம். அதனால் ஒரே வெப்பநிலையில் நிற்காமல் பல வெப்பநிலைகளில் சோதித்து, C-ஐத் தரவிலிருந்தே எடுக்க வேண்டும். மிக நீண்ட சோதனையின் நேரத்தைப்போல் மூன்று மடங்குக்கு மேல் நீட்டக் கூடாது என்பதே பொதுவான வழக்கம். இந்த அளவுகோலில் 1,000 மணியிலிருந்து 50,000 மணி என்பது முதற்கட்ட மதிப்பீடுதான். அதை நம்பிக் குழாயை விட்டுவைக்க நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

வெடித்த குழாயைப் பார்த்தே க்ரீப்தான் என்று சொல்ல முடியுமா?

ஓரளவு முடியும். பிளவின் உதடு தடித்து, குழாய் அதிகம் உப்பாமல் நீளவாக்கில் பிளந்து, பக்கத்தில் இணையாகச் சிறு விரிசல்களும் தடித்த ஆக்சைடும் இருந்தால் நீண்ட கால க்ரீப். நன்றாக உப்பி, உதடு கத்திமுனைபோல் மெலிந்திருந்தால் திடீர்ச் சூடு. அப்போது ஆக்சைடைத் தேடாமல் அடைப்பைத் தேடுங்கள்.